நாற்பது குளங்களும் ஒரு பொய்யும்

“நான் ஒரு முட்டாள். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்,” என்றார் பெருஞ்சாத்தன்.

கொற்றி மோர்ப்பானையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்க? ஊர்லயே யாராவது சொல்லியிருப்பாங்களே.”

“எல்லாரும் சொன்னாங்க. நான்தான் ஒத்துக்கல. இப்போ ஒத்துக்கிறேன்.”

“சரி. தண்ணி குடிங்க.”

பத்து நாள் முன்புவரை பெருஞ்சாத்தன் குறுந்துறை நாட்டுக்கு ராசா. வயது ஐம்பத்தாறு. இப்போது காலில் செருப்புக்கூட இல்லை.

கொற்றி அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். நாட்டின் எல்லைக்கு வெளியே, உப்பு வண்டிகள் போகும் பாதையில், ஒரு தண்ணீர்ப் பந்தல் நடத்துகிறாள். ஞானி என்று அவளைப் பிறர் சொல்வார்கள். அவள் சொன்னதில்லை. அவளிடம் கேள்வியோடு வருகிறவர்கள் முதலில் தண்ணீர் குடிப்பார்கள். பாதிப் பேருக்குத் தாகத்தோடு கேள்வியும் தீர்ந்துவிடும். மீதிப் பேர் தங்கிவிடுவார்கள்.

பெருஞ்சாத்தனுக்குத் தாகம் மட்டும்தான் தீர்ந்தது.

“நடந்ததைச் சொல்லவா?”

“சொல்லாம விடவா போறீங்க.”

குறுந்துறை நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய பேச்சு எதற்கும் ஓலை கிடையாது, முத்திரை கிடையாது. சொல்கிறவனின் வலக்கையில் நீர் வார்ப்பார்கள். குழித்த கையிலிருந்து அது ஒழுகித் தீர்வதற்குள் சொல்லிவிட வேண்டும். ஒரு கை நீருக்கு ஒரு சொல். தீர்ந்த பிறகு சொன்னது கணக்கில் சேராது. சாட்சி சொல்வது அப்படித்தான். கொடை கொடுப்பது அப்படித்தான். முடி சூடுவதும் அப்படித்தான்.

“சபைக்கு ஒருத்தன் வந்தான். பேர் விண்ணன். முப்பது வயசு இருக்கும். ‘இந்த நாடு என் அப்பாவோடது. அவர் சாகும்போது நான் கைக்குழந்தை. நாட்டை உங்க அப்பாகிட்ட அடைக்கலமாக் கொடுத்துட்டுச் செத்தார். நான் வளர்ந்து வந்து கேட்டா திருப்பிக் கொடுக்கணும்னு பேச்சு. உங்க அப்பா சாகும்போது அதை உங்ககிட்டச் சொன்னாரா, இல்லையா?’ன்னு கேட்டான்.”

“சொன்னாரா?”

“சொன்னார். அறையில நானும் அவரும் மட்டும்தான் இருந்தோம். சுவத்துல பல்லிகூட இல்ல.”

“அப்புறம்?”

“என் அமைச்சர் மணலூர்கிழான் காதோரமா வந்தார். ‘இல்லைன்னு ஒரு சொல் சொல்லுங்க, போயிடுவான். அவன்கிட்டச் சாட்சி இல்ல. இருபத்தாறு வருசமா நீங்கதான் இந்த சனத்தைக் காப்பாத்தியிருக்கீங்க. அவன் யாரோ, எப்படிப்பட்டவனோ. உங்களுக்காக வேணாம், சனங்களுக்காகச் சொல்லுங்க’ன்னார். கையில தண்ணி ஊத்தினாங்க.”

“சொன்னீங்களா?”

“‘என் அப்பா சொன்னார்’னு சொல்லிட்டேன்.” பெருஞ்சாத்தன் தன் வலக்கையைப் பிடிக்காத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “தண்ணி பாதி கூட ஒழுகல. அதுக்குள்ள நாடு போயிடுச்சு.”

கொற்றி அவர் சொம்பில் மறுபடி தண்ணீர் ஊற்றினாள்.

“இப்போ கேளுங்க. மறுபடி யாராவது என்கிட்ட அப்படிக் கேட்டா, பொய் சொல்லிடுவேன். சத்தியமாச் சொல்லிடுவேன்.”

“பொய் சொல்றேன்னு சத்தியம் பண்றீங்க.”

“சிரிக்காதீங்கம்மா. எனக்கு வயிறு எரியுது.”

அவள் சிரிப்பை நிறுத்தினாள். வயிறு எரிவது உண்மைதான். மனிதர் பத்து நாளாகத் தூங்கவில்லை என்று கண்ணே சொன்னது.

“பழகாத வேலையைத் திடீர்னு செய்ய முடியாது சாத்தரே. பொய் சொல்லணும்னா முதல்ல பழகணும். இங்கேயே தங்குங்க. ஒரு நாளைக்கு ஒரு பொய். சின்னதாப் போதும்.”

அவர் இப்படி ஒரு பாடத்தை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் தங்கினார்.

*

மறுநாள் காலை.

“இந்த மோர் நேத்து மோர். புளிச்சிருக்கு,” என்றாள் கொற்றி. “யார் கேட்டாலும் இன்னைக்குக் கடைஞ்சதுன்னு சொல்லுங்க. யாருக்கும் கேடு வராது.”

வளையல் விற்கிற ஒருவன் வந்து உட்கார்ந்தான். மோரை வாங்கி மோந்து பார்த்தான்.

“இது இன்னைக்கு மோரா, நேத்து மோரா?”

பெருஞ்சாத்தன் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். நெற்றியில் வியர்த்துவிட்டது.

“நேத்து மோர்,” என்றார்.

வளையல்காரன் அதையே குடித்துவிட்டுப் போனான்.

“முதல் நாளே தோத்தாச்சு,” என்றாள் கொற்றி.

இரண்டாம் நாள் ஒரு கிழவர் தன் பேரனுக்கு வாங்கிய பொம்மைக் குதிரையைக் காட்டி, “அழகா இருக்கா?” என்றார். அது குதிரையா ஆடா என்றே தெரியவில்லை. பெருஞ்சாத்தன் வெகுநேரம் பார்த்துவிட்டு, “வால் நல்லா இருக்கு,” என்றார்.

ஐந்தாம் நாள் அவரே கோபப்பட்டார்.

“வாய்க்கு வரமாட்டேங்குது. அம்பத்தாறு வருசம் ஒரே பக்கமாத் திரும்பின கதவு. இதைப் போயி பெருமைன்னு சொல்றாங்க. இது பெருமையா? பழக்கதோசம்.”

“இருக்கலாம்.”

“அப்போ கதைகள்ல எல்லாம் ஏன் இதைத் தூக்கி வச்சு ஆடுறாங்க? நாலு நாட்டை அடிச்சுப் பிடிச்ச ராசா கதையை ஒரு நாள்ல சொல்லி முடிச்சிடறாங்க. ஒரு பொய் சொல்லாததால நாட்டை விட்டுட்டுப் போனவன் கதையைப் பத்து நாள் சொல்றாங்க. கேக்கறவன் அழறான். நானும் சின்ன வயசுல அழுதிருக்கேன். அந்த அழுகையாலதான் இன்னைக்குத் தெருவுல நிக்கறேன்.”

“அந்தக் கதையெல்லாம் நல்லாத் தெரியுமா?”

“மனப்பாடம்.”

“அதுல பொய் சொல்லச் சொல்றது யாரு? எதிரியா?”

அவர் யோசித்தார்.

“இல்ல. மொதல்ல அமைச்சன் சொல்லுவான். அப்புறம் பெண்டாட்டி அழுவா. ஊர் சனம் கெஞ்சும். வேண்டப்பட்டவங்கதான் சொல்லுவாங்க.”

“வேண்டப்பட்டவங்க சொல்றதாலதான் அது சோதனை. எதிரி சொன்னா வீம்புக்கே மறுத்துடலாம். சரி, உங்க கதைக்கு வாங்க. நீங்க இல்லைன்னு பொய் சொல்லியிருந்தா, அது பொய்னு யார் யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?”

“எனக்கு. அப்புறம் மணலூர்கிழானுக்கு. அவர் முகத்தைப் பாத்தே தெரிஞ்சுக்குவார்.”

“அந்த சபை கலைஞ்ச மறுநாள், மணலூர்கிழான் தன் மகனுக்கு ஒரு படைத்தலைமை கேட்டா?”

“கொடுக்க மாட்டேன். அவன் குடிகாரன்.”

“மாட்டீங்களா?”

பெருஞ்சாத்தன் பதில் சொல்ல வாயெடுத்தார். அந்தப் பொய்க்குப் பிறகு நாடு யார் கையில் இருந்திருக்கும் என்று அவருக்கே இப்போதுதான் தெரிந்தது. முகம் கறுத்தது.

ஆனால் அவர் சுலபத்தில் மடங்குகிற ஆளில்லை.

“சரி. நான் அவருக்கு அடிமையாகியிருப்பேன். இருந்துட்டுப் போறேன். சனங்க நல்லா இருந்திருப்பாங்களே. என் ஒருத்தன் வாய் சுத்தமா இருக்கணும்னு ஒரு நாட்டையே கொடுத்தேனே, அது சுயநலம் இல்லையா?”

கொற்றிக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. அதற்கு அவளிடம் பதில் இல்லை. இல்லாத பதிலை அவள் சொல்லவில்லை.

“ஒண்ணு யோசிங்க,” என்றாள். “அந்தக் கதைகள்ல, ராசாகிட்ட இருந்த எல்லாத்தையும் பிடுங்கிக்கிறாங்க. நாடு, வீடு, பெண்டாட்டி, பிள்ளை. எல்லாம் போயிடுது. அதுக்கப்புறமும் சோதிக்கிறவன் போக மாட்டேங்கறான். சுடுகாடுவரைக்கும் பின்னாலயே வர்றான். ‘ஒரு பொய் சொல்லு, எல்லாத்தையும் திருப்பித் தர்றேன்’னு கேக்கறான். எல்லாத்தையும் பிடுங்கினவனுக்கு அந்த ஒரு பொய் எதுக்கு?”

“எதுக்கு?”

“நீங்கதான் மனப்பாடம்னு சொன்னீங்க. பானையைக் கழுவுங்க.”

*

மூன்று மாதம் போனது. பெருஞ்சாத்தன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. பானை கழுவுவதில் மட்டும் தேறினார்.

ஒரு நாள் உச்சிவெயிலில் உப்பு வண்டிகள் வந்தன. முன்வண்டியை ஓட்டி வந்தவள் பெயர் வேம்பி. குறுந்துறைக்காரி. மாட்டை அவிழ்த்துவிட்டு வந்தவள், தண்ணீர் ஊற்றிய ஆளைப் பார்த்தாள். சொம்பை வாங்காமல் நின்றாள்.

“நீங்களா?”

“நான்தான்மா. குடி.”

“குடிக்க மாட்டேன்.” அவள் சொம்பைத் தள்ளினாள். “நீங்க நல்லவர். எல்லாரும் சொல்றாங்க. ஆனா எங்களை யார்கிட்ட விட்டுட்டுப் போனீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?”

பெருஞ்சாத்தன் சொம்பைக் கீழே வைத்தார்.

“சொல்லு.”

“புது ராசா தன்னோட வந்த படைக்காரங்களுக்கு நிலம் தர்றேன்னு வாக்குக் கொடுத்திருக்கார். நிலம் எங்கே இருக்கு? நாற்பது குளத்துக்குக் கீழேதான் இருக்கு.”

அந்த நாற்பது குளங்களின் கதை நாட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒன்பது வருடம் முன்பு பெரும் பஞ்சம். அப்போது பெருஞ்சாத்தன் ஊர் ஊராகப் போய், “எந்த ஊர் தன் கையால் குளம் வெட்டுகிறதோ, அந்தக் குளமும் அதன்கீழ் நிலமும் அந்த ஊருக்கே” என்றார். சனங்கள் வெறும் வயிற்றோடு வெட்டினார்கள். அவர் நாற்பது கரைகளிலும் நின்று, கையில் நீர் ஏந்தி, ஒவ்வொன்றாகக் கொடுத்தார். ஓலை இல்லை, கல்வெட்டும் இல்லை. அவர் சொல் மட்டும்தான்.

“ஆவியூர் குளத்துக்குப் படைக்காரங்க வந்தாங்க,” என்றாள் வேம்பி. “ஊரே கரைமேல ஏறி நின்னுச்சு. பொம்பளைங்க, பிள்ளைங்க, எல்லாரும். மதகைத் திறக்க விடாம எங்க மாமனார் சங்கு மதகுக்கல்லைக் கட்டிப்பிடிச்சு நின்னார். அவரை அடிச்சாங்க. ரெண்டு நாள் கழிச்சு செத்துப்போனார்.”

பெருஞ்சாத்தனுக்கு சங்குவைத் தெரியும். குளம் வெட்டும்போது அவனோடு உட்கார்ந்து கூழ் குடித்திருக்கிறார். அவர் அழுதார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

“கேட்டீங்களாம்மா?” என்றார் கொற்றியிடம். “ஒரு பொய். அன்னைக்கு நான் அந்த ஒரு பொய் சொல்லியிருந்தா சங்கு உயிரோட இருப்பான்.”

கொற்றி மறுக்கவில்லை.

“குளம் என்ன ஆச்சு?” என்று வேம்பியைக் கேட்டாள்.

“குளம் எங்ககிட்டதான் இருக்கு.”

“எப்படி?”

“‘இது சாத்தர் கொடுத்தது’ன்னோம். ‘அதுக்கு என்ன சாட்சி’ன்னு கேட்டாங்க. ‘அவரேதான் சாட்சி’ன்னோம். கொடுத்தவர் கையில தண்ணியோட வந்து, கொடுக்கலைன்னு சொன்னாத்தான் கொடை அழியும். அதுதானே எங்க நாட்டு வழக்கம்? ‘நாட்டுக்காகக்கூட ஒரு பொய் சொல்லாத மனுசன் அவர். அவர் வாயால இல்லைன்னு சொல்லட்டும், நாங்களே கரையை விட்டு இறங்கிடறோம்’னோம்.”

“படைக்காரங்க?”

“அவங்களுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அவங்க ராசாவே அந்த வாயை நம்பித்தானே ராசா ஆனார்? சாத்தர் வாய் பொய்யின்னா ராசா முடியும் பொய்யின்னு ஆயிடுமே. திரும்பிப் போயிட்டாங்க. இப்போ நாற்பது ஊரும் அதையே சொல்லுது.”

பெருஞ்சாத்தன் அழுகையை நிறுத்தினார்.

“முடி சூடும்போது அந்த விண்ணன் கைநீரோட என்ன சொன்னான்?” என்று கேட்டார்.

“எல்லா ராசாவும் சொல்றதைத்தான். ‘எனக்கு முன்னால நீர் வார்த்துக் கொடுத்ததை நானும் காப்பேன்’னு. எத்தனை கொடைன்னு கேட்டுட்டுச் சொல்லியிருக்கணும். முடியைப் பாத்த அவசரம்.”

வேம்பி அப்போதுதான் சொம்பை எடுத்துக் குடித்தாள். மாட்டைப் பூட்டப் போகும்போது திரும்பி நின்றாள்.

“ஊர்ல இன்னொண்ணும் பேசிக்கிறாங்க. சொல்லலாமான்னு தெரியல.”

“சொல்லு.”

“இல்லைன்னு சொல்லாமலே நீங்க செத்துட்டா, நாற்பது கொடையும் நிலைச்சிடும். அப்புறம் எந்த ராசாவும் தொட முடியாது. அதனால புது ராசா உங்களைக் கொல்லப் பயப்படறார்னு பேச்சு. வைத்தியரை வேற கேட்டாராம், சாத்தருக்கு நெஞ்சுவலி ஏதாவது உண்டான்னு.”

கொற்றிக்குச் சிரிப்பு வந்தது. பெருஞ்சாத்தனுக்கு வரவில்லை. சங்கு அவர் நெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

*

வேம்பி போன எட்டாம் நாள் விண்ணனே வந்தான்.

குதிரைகள், கொடிகள், அறுபது படைக்காரர்கள். பக்கத்தில் மணலூர்கிழான். அவர் புது ராசாவுக்கும் அமைச்சர். அந்த மாதிரி ஆட்களுக்கு எந்த ராசா வந்தாலும் வேலை போகாது.

உப்புச் சந்தை முடிந்து வேம்பியின் வண்டிகளும் அப்போதுதான் திரும்பியிருந்தன. வண்டிக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் நிழலில் எழுந்து நின்றார்கள்.

விண்ணன் குதிரையிலிருந்து இறங்கினான். கெட்டவன் முகமில்லை. தூக்கமில்லாத முகம்.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்க வந்தேன்,” என்றான்.

“போன தடவையும் அப்படித்தான் வந்தீங்க,” என்றார் பெருஞ்சாத்தன்.

மணலூர்கிழான் முன்னால் வந்தார். அதே கனிந்த குரல்.

“ஐயா, சுத்தி வளைக்காம சொல்றேன். நாற்பது குளத்தையும் கேக்கல. ஆவியூர் குளம் மட்டும். கையில தண்ணியோட, அந்த ஒரு குளத்தைக் கொடுக்கலைன்னு ஒரு சொல். ஒண்ணே ஒண்ணு. பதிலுக்கு ஆத்துக்கு வடக்கே பாதி நாடு உங்களுக்கு. உங்க சனத்துல பாதிப் பேர் மறுபடி உங்க நிழலுக்கு வந்துடுவாங்க. உங்களுக்காக வேணாம், சனங்களுக்காகச் சொல்லுங்க.”

“இல்லைன்னா?”

விண்ணன் பதில் சொன்னான். “என் படைக்காரங்களுக்கு நிலம் தர்றேன்னு சொல்லியிருக்கேன். இந்த மழைக்குள்ள தரலைன்னா அவங்க என் பேச்சைக் கேக்க மாட்டாங்க. அவங்களாவே எடுத்துப்பாங்க. அப்போ ஆவியூர்ல செத்தது ஒருத்தரோட நிக்காது. அதுக்கும் நீங்கதான் காரணம் ஆவீங்க.”

நிழலில் நின்ற வேம்பி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

பெருஞ்சாத்தன் கொற்றியைப் பார்த்தார். அவள் பானையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தாள். அவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. இந்த இடத்தில் சொல்லித்தர அவளிடம் எதுவும் இல்லை என்று அவருக்குப் புரிந்தது.

சொல்லிவிடலாம். ஒரு குளம்தானே. ஆவியூர் சனங்களை வடக்கே அழைத்துப்போய் வேறு குளம் வெட்டித் தரலாம். பாதி நாட்டுக்கு நல்லது செய்யலாம். சங்குவுக்குப் பின்னால் இன்னொருவன் சாக வேண்டாம். மூன்று மாதமாக அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் இதைத்தானே? மறுபடி யாராவது கேட்டால் சொல்லிவிடுவேன் என்று.

கேட்டுவிட்டார்கள்.

“போன தடவை ஒரு பொய்க்கு முழு நாடு,” என்றார் மெதுவாக. “இந்தத் தடவை பாதிதான். விலை இறங்கிடுச்சே.”

யாரும் சிரிக்கவில்லை.

“ராசாவே, உங்ககிட்ட என்னென்ன இருக்கு?” என்று விண்ணனைக் கேட்டார்.

“எல்லாம் இருக்கு. நாடு, கோட்டை, படை.”

“என்கிட்ட?”

விண்ணன் அவர் காலைப் பார்த்தான். பந்தலைப் பார்த்தான். “ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாதவன்கிட்ட எல்லாம் இருக்கிறவர் அறுபது பேரோட வந்து நிக்கறீங்க. ஒரு சொல் வேணும்னு கேக்கறீங்க. நாற்பது குளத்துல ஒண்ணே ஒண்ணு போதும்னு வேற சொல்றீங்க.” அவர் மணலூர்கிழான் பக்கம் திரும்பினார். “ஒண்ணு ஏன் போதும்? நான் சொல்லவா? ஆவியூருக்குப் பொய் சொன்ன வாய் கல்லுக்குடிக் குளத்துக்கு மட்டும் உண்மை சொல்லியிருக்குமான்னு ஊர்க்காரனே கேப்பான். கரைமேல நிக்கறவன் பக்கத்துல நிக்கறவனைப் பாப்பான். அப்புறம் படையே வேணாம், தானா இறங்கிடுவான். அப்படித்தானே?”

மணலூர்கிழான் தன் விரல் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

பெருஞ்சாத்தன் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மெல்ல. பிறகு வயிறு குலுங்க. இத்தனை மாதத்தில் அந்தப் பந்தலில் அவர் சிரித்து யாரும் கேட்டதில்லை. குதிரைகள் காதைத் திருப்பின.

“அம்மா, சுடுகாடுவரைக்கும் ஏன் பின்னால வர்றான்னு கேட்டீங்களே,” என்றார்.

“கேட்டேன்.”

“வந்துட்டான் பாருங்க.”

கொற்றி இப்போதுதான் நிமிர்ந்தாள். சொம்பில் தண்ணீரை மொண்டாள்.

பெருஞ்சாத்தன் வலக்கையைக் குழித்து நீட்டினார். அவள் வார்த்தாள். விண்ணனின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. கைநீரோடு பேசப்போகிறார். அதற்குத்தானே வந்தது.

“ராசாவும் அவர் படையும் உப்பு வண்டிக்காரங்களும் கேக்கச் சொல்றேன்,” என்றார். “ஆவியூர் குளம். சங்குவும் அவன் ஊரும் வெட்டினது. நான் கொடுத்தேன்.”

நீர் விரலிடுக்கில் ஒழுகி மண்ணில் விழுந்தது.

கையை மறுபடி நீட்டினார். கொற்றி வார்த்தாள்.

“கல்லுக்குடி குளம். நான் கொடுத்தேன்.”

விண்ணனின் கை வாளுக்குப் போனது. மணலூர்கிழான் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம் ராசா. இப்போ செத்தார்னா நாற்பதும் நிலைச்சிடும்.”

“பேசவிட்டாலும் நிலைச்சிடுதே?”

அமைச்சர் பிடியை விடாமல் படைக்காரர்கள் பக்கம் பார்த்தார்.

“வாயை மூடுங்க,” என்று கத்தினான் விண்ணன். “நாட்டை இழந்தது போதாதா உங்களுக்கு?”

பெருஞ்சாத்தன் கையை நீட்டினார். நீர் விழுந்தது.

“பனையடி குளம். நான் கொடுத்தேன்.”

படைக்காரர்களில் ஒருவன், பனையடிப் பக்கத்தில் பெண் எடுத்தவன், கையிலிருந்த வேலைத் தரையில் ஊன்றி அதன்மேல் சாய்ந்து நின்றான். அவனைப் பார்த்து இன்னொருவனும் ஊன்றினான். வேம்பி எழுந்து, தன் வண்டியிலிருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து கொற்றியின் பக்கத்தில் வைத்தாள்.

விண்ணன் அமைச்சரின் பிடியை உதறினான். “இன்னும் எவ்வளவு நேரம் இப்படி?”

“அம்மா, நல்லாத் தாராளமா ஊத்துங்க,” என்றார் பெருஞ்சாத்தன், கையை நீட்டியபடி. “இன்னும் முப்பத்தேழு இருக்கு.”